காணிக்கடன்: பெரிய கோயில் கல்வெட்டின் ஒரு நீண்ட வாக்கியம்

சோழர் வரலாற்றில் தீராத ஆர்வம் கொண்ட தம்பி ஒருவர் போன மாதம் எனக்கு இரண்டு பக்கங்களின் நகலை அனுப்பியிருந்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை ஹுல்ஷ் பதிப்பித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியிலிருந்து எடுத்த பக்கங்கள். “அண்ணா, நான்கு முறை படித்துவிட்டேன். இராஜராஜன் கோயிலுக்கு நிலம் கொடுத்தான் என்பதற்கு மேல் எதுவும் பிடிபடவில்லை. பாதிப் பக்கம் பின்னங்களாகவே இருக்கிறது. சுருக்கமாக என்னதான் சொல்கிறது?” என்று கேட்டிருந்தார்.

அன்றிரவே மூன்று வரியில் பதில் எழுதினேன். அரசன் கோயிலுக்கு இன்னின்ன ஊர்களின் நிலத்தைக் கொடுத்தான். அது இத்தனை ஏக்கர். அதிலிருந்து ஆண்டுக்கு இத்தனை டன் நெல் வந்தது என்று. மறுநாள் காலையில் தமிழ் மூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் படித்தபோது மனம் உறுத்தியது. அந்த மூன்று வரிகளில் ஒன்றுகூட நிற்காது. கொடுத்தது நிலம் அல்ல. ஏக்கர் கணக்கும் டன் கணக்கும் நான் இன்றைய அளவுகளை அந்தக் காலத்தின் மேல் ஏற்றிவைத்தவை. அதனால் அவருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அதைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகள் பார்ப்பதற்கு மிக நீளமானவை. ஆனால் ஒரே வாக்கியம்தான் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வருகிறது. ஊரும் எண்களும் மாறும், சட்டகம் மாறாது. முதலில் முகவரி: அருமொழிதேவ வளநாட்டு இங்கணாட்டுப் பாளையூர் என்பது போல, வளநாடு, அதற்குள் நாடு, அதற்குள் ஊர். அடுத்து, அந்த ஊர் ‘அளந்தபடி’ நிலம் இவ்வளவு. பிறகு ‘ஊர்நத்தமும், குளங்களும், ஊடறுத்துப் போன வாய்க்கால்களும், பறைச்சேரியும், கம்மாணச்சேரியும், சுடுகாடும்’ என்று ஒரு பட்டியல். அதை நீக்கி மிச்சம் இவ்வளவு. அந்த மிச்ச நிலத்துக்கு ‘இறை கட்டின காணிக்கடன்’, ‘இராஜகேசரியோடொக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால்’ அளக்கவேண்டிய நெல் இவ்வளவு. இவ்வளவுதான். அளந்தார்கள், கழித்தார்கள், வரி விதித்தார்கள், அந்த வரி யாருக்குப் போகவேண்டும் என்று சொன்னார்கள். இந்த நான்கு படிகளும் கையில் இருந்தால் பக்கம் பக்கமாக ஓடும் மொழிபெயர்ப்பு பயமுறுத்தாது.

‘அளந்தபடி’ என்ற சொல்லைத் தம்பி கவனிக்காமல் கடந்திருந்தார். இராஜராஜன் தன் ஆட்சியின் 16, 17ஆம் ஆண்டுகளில், அதாவது ஏறக்குறைய 1001இல், நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தான். பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வெட்டப்பட்டவை. ஆகவே கல்லில் இருக்கும் எண்கள் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னவை அல்ல. வரிக் கணக்கு ஓலையில் இருந்ததைப் பெயர்த்து எழுதியிருக்கிறார்கள்.

இனி கழித்தல். மொழிபெயர்ப்பில் நான் வழக்கமாக வேகமாகக் கடந்துபோகும் பகுதி இதுதான். இப்போது இதையே மிகவும் மெதுவாகப் படிக்கிறேன். வரி போட முடியாத நிலத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கழித்திருப்பதால், ஓர் ஊரின் உள்ளமைப்பு முழுவதும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. நத்தம் என்பது வீடுகள் இருக்கும் இடம். இன்றும் பத்திரங்களில் நத்தம் புறம்போக்கு என்று எழுதுகிறோமே, அதே சொல்தான். ‘ஊடறுத்துப் போன வாய்க்கால்’ என்பது இந்த ஊருக்குள் புகுந்து, இதன் வயல்களின் நடுவே ஓடி, வெளியூர்களுக்கு நீர் கொண்டுபோவது. வாய்க்கால் ஓடும் மண்ணில் எதுவும் விளையாது. அந்த நீரால் ஆதாயம் பெறுவதோ வேறு ஊர். அதற்கு இந்த ஊர்க்காரன் ஏன் வரி கட்டவேண்டும்? கழித்துவிட்டார்கள். நேர்மையான கணக்கு.

சில ஊர்களில் பட்டியல் இன்னும் விரிகிறது. நெல் அடிக்கும் களம் வருகிறது. கன்றுகள் மேய விட்ட தரிசு, ‘கன்று மேய்பாழ்’, வருகிறது. பிடாரி, ஐயன், காடுகாள், சேட்டையார் என்று ஊர்த் தெய்வங்களின் கோயில்கள் வருகின்றன. கம்மாளர் குடியிருப்பான கம்மாணச்சேரி, வண்ணாரச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி எல்லாம் தனித்தனியே வருகின்றன. சுடுகாடுகூட ஒன்றல்ல, பறைச்சுடுகாடு என்று தனியாகக் குறிக்கப்பட்ட ஊர்கள் இருக்கின்றன. ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் இந்தச் சுவர்களில் இருக்கிறது. யார் எங்கே குடியிருக்கலாம், செத்தால் எங்கே எரியலாம் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் பிரித்து வைத்திருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் இந்தப் பெயர்களை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து விட்டிருப்பதால், படிக்கிறவர் இடப்பெயர் என்று எண்ணித் தாண்டிவிடுகிறார். தம்பியும் அப்படித்தான் தாண்டியிருந்தார்.

இங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும்: இறையிலி. இறை என்றால் நிலவரி. இறையிலி என்றால் வரி இல்லாதது. ஆனால் கல்வெட்டுகளில் இது இரண்டு விதமாக வரும். நத்தம், குளம், சுடுகாடு ஆகியவை இயல்பிலேயே வரி போட இயலாதவை என்பதால் இறையிலி. கோயிலுக்கோ பிராமணர்க்கோ பௌத்த, சமணப் பள்ளிகளுக்கோ விடப்பட்டதால் அரசனுக்கு வரி வராத நிலமும் இறையிலி. தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் என்ற மூன்றும் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல் நின்றால், சுடுகாட்டையும் தானம் செய்ததாகப் பொருள் கொள்ள நேரும்.

பின்னங்களுக்கு வருவோம். தம்பியைத் தடுத்து நிறுத்தியது இதுதான். நிலத்தின் பெரிய அலகு வேலி. வேலியில் இருபதில் ஒரு பங்கு மா. மாவில் நான்கில் ஒரு பங்கு காணி; அதாவது வேலியில் 1/80. காணியில் பாதி அரைக்காணி, 1/160. அதிலும் பாதி முந்திரிகை, 1/320. இவற்றோடு அரை, கால், முக்கால். இவ்வளவு சொற்கள் போதும். முந்திரிகைக்கும் சிறிய துண்டு வந்தால் புதுப்பெயர் தேடமாட்டார்கள். ‘கீழ்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, அதே அரை, மா, காணியை மறுபடி எழுதுவார்கள். கீழ் என்று வந்ததும் அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் 320ஆல் வகுத்துக்கொள்ளவேண்டும். இன்னொரு கீழ் வந்தால் இன்னொரு முறை 320.

கல்வெட்டு நடையில் நானே ஒரு பயிற்சிக் கணக்கை அமைத்துக் கொடுத்தேன்: ‘நிலம் இருபத்தைந்தே முக்காலே ஒரு மா அரைக்காணி முந்திரிகைக் கீழ் அரையே இரண்டு மா.’ கீழுக்கு முன்னால் இருப்பதை முதலில் கூட்டவேண்டும். 25 வேலி, முக்கால் 0.75, ஒரு மா 0.05, அரைக்காணி 0.00625, முந்திரிகை 0.003125. ஆக 25.809375. இனிக் கீழுக்குப் பின்னால் இருப்பது: அரை 0.5, இரண்டு மா 0.1, சேர்ந்து 0.6. அதை 320ஆல் வகுத்தால் 0.001875. மொத்தம் 25.81125 வேலி. தம்பி இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, தன் பக்கத்தில் இருந்த முதல் ஊரையும் தானே கூட்டி அனுப்பினார். சரியாக இருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த 1/320 என்ன என்று அப்போதுதான் புரிந்தது என்றார்.

ஒரு பொறி மட்டும் உண்டு. ‘இரண்டு மாக்காணி’ என்று வந்தால் இரண்டு மாவும் ஒரு காணியும் என்று பிரிக்கவேண்டும், அது 9/80. நம் பாட்டிமார் வாய்ப்பாட்டில் மாகாணி என்றால் 1/16 என்று படித்தவர்கள் அதை இரண்டு மாகாணி, அதாவது 1/8, என்று எடுத்துவிடுவார்கள். ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்ததுதான் 1/16. அந்த வாய்ப்பாடும் பிறந்த இடம் இதுதான். ஆனால் முன்னால் எண் நிற்கும்போது அந்த எண் மாவுக்கு மட்டுமே உரியது.

இந்தக் கீழ்க்கணக்கு பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை இறங்குகிறது. இதை வைத்து, இராஜராஜன் மயிரிழை அளவு மண்ணையும் அளந்தான் என்று பெருமையாக எழுதுகிறார்கள். பிற்காலத் தஞ்சை வேலியை வைத்துக் கணக்கிட்டால் அந்தத் துண்டு ஒரு சதுர அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. எந்தக் கோலாலும் தரையில் அப்படி ஒன்றை அளக்க முடியாது. என் எண்ணம் இது: அளந்தது கோல், துண்டாக்கியது பெருக்கல். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரம் ஒரு குழி. ஒரு வயலின் நீளம் சில கோலும் கால் கோலும், அகலம் சில கோலும் கால் கோலும் என்றால், பெருக்கும்போதே 1/16 குழி வந்துவிடுகிறது. 2,000 குழி ஒரு வேலி என்று வைத்தால் அது வேலியில் 32,000இல் ஒரு பங்கு. இப்படி நூற்றுக்கணக்கான வயல்களைக் கூட்டி, ஒழுங்கற்ற வடிவங்களைச் சராசரி எடுத்து, கழித்தால் எச்சம் எங்கே போய் நிற்கும்? அந்தக் கணக்கர் எச்சத்தை முழுதாக்கித் தள்ளிவிடாமல் கடைசித் துண்டு வரை எழுதினார். நான் வியப்பது அந்தக் கணக்கரின் பிடிவாதத்தைத்தான்.

ஏக்கருக்கு மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். வேலி என்றால் 6.6 ஏக்கர் என்று தஞ்சைப் பகுதியில் சொல்வது பிற்காலத்து நிலைத்த வழக்கு. 12 அடிக் கோலில் ஒரு சதுரம் ஒரு குழி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. 2,88,000 சதுர அடி. சோழர் கல்வெட்டுகளிலோ பன்னிரு சாண் கோலும் வருகிறது, பதினாறு சாண் கோலும் வருகிறது. ஒரு சாண் 9 அங்குலம் என்று கொண்டால் பதினாறு சாண் கோல் சரியாக 12 அடி. பன்னிரு சாண் கோல் 9 அடிதான். அதன் குழி 81 சதுர அடி. அதே 2,000 குழிக்கு வேலி 3.7 ஏக்கராகச் சுருங்கிவிடும். மாவுக்கு 100 குழி என்பதும் எங்கும் ஒன்றல்ல. 256 குழி ஒரு மா என்று கொண்ட ஊர்களும் உண்டு. ஆகவே கோலும் குழிக்கணக்கும் கல்வெட்டிலேயே சொல்லப்படாதபோது வேலியை வேலி என்றே விட்டுவிடுவதுதான் நேர்மை. நான் முதல் கடிதத்தில் செய்தது அது அல்ல.

நெல்லுக்கும் இதே எச்சரிக்கை. நெல் முகந்து அளக்கப்பட்டது, நிறுக்கப்படவில்லை. எட்டு நாழி ஒரு குறுணி. குறுணியும் மரக்காலும் ஒன்றே. இரண்டு குறுணி பதக்கு, நான்கு குறுணி தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆகக் கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், தொண்ணூற்றாறு நாழி. மரக்கால் எவ்வளவு பெரியது என்பதில்தான் வழக்கு வரும்; ஊருக்கு ஒரு மரக்கால் இருந்த காலம். அதனால்தான் கல்வெட்டு ஒவ்வோர் ஊரிலும் சலிக்காமல் ‘இராஜகேசரியோடொக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால்’ என்கிறது. இராஜகேசரி அரசனின் பட்டப்பெயர் தாங்கிய மரக்கால். ஆடவல்லான் இறைவனின் பெயர் தாங்கிய, கோயிலின் மரக்கால். இரண்டும் ஒரே அளவு என்று அறிவித்துவிட்டால், கொடுக்கிற ஊர் சின்ன மரக்காலைக் கொண்டுவர முடியாது. வாங்குகிற பண்டாரம் பெரிய மரக்காலை நீட்டவும் முடியாது. மொழிபெயர்ப்பில் அலங்காரம் போல் தோன்றும் அந்தத் தொடர் ஓர் ஒப்பந்த விதி.

வேலிக்கு எவ்வளவு இறை? எண்களை வகுத்துப் பார்க்கலாம். இதே அரசனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பெரிய லெய்டன் செப்பேடு, நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக விட்டதைச் சொல்கிறது. பௌத்த விகாரம், செப்பேடு. ஆனாலும் வாக்கியச் சட்டகம் பெரிய கோயிலில் உள்ளது போன்றதே. அங்கே நிலம் 97 வேலியும் சில்லறையும். காணிக்கடன் 8,943 கலம், இருதூணிக் குறுணி, அதற்குக் கீழே நாழிக்கணக்கு. இருதூணிக் குறுணி என்றால் எட்டும் ஒன்றும் ஒன்பது மரக்கால், முக்கால் கலம். வகுத்தால் வேலிக்கு ஏறக்குறைய 92 கலம் வருகிறது.

இப்போது என் முதல் கடிதத்தின் பெரிய பிழை. காணிக்கடன் என்ற சொல்லில் இருக்கும் காணி, 1/80 வேலியான காணி அல்ல. ஒரே வாக்கியத்தில் இரண்டு காணியும் வரும். இந்தக் காணி என்பது பரம்பரையாக அனுபவிக்கும் நில உரிமை. அந்த உரிமை உள்ளவர் செலுத்தவேண்டிய கடமையே காணிக்கடன். ஊரில் காணி உடையவர்கள் நேற்றும் உழுவித்தார்கள், நாளையும் உழுவிப்பார்கள். அவர்கள் அளக்கும் நெல் அரசனின் பண்டாரத்துக்குப் போகாமல் இனிக் கோயிலின் பண்டாரத்துக்குப் போகவேண்டும் என்பதுதான் ஆணை. அரசன் விட்டுக்கொடுத்தது தன் வரியை. குடிகளை அப்புறப்படுத்தி நிலத்தையே கோயிலுக்கு ஆக்கும் தானங்களும் இருந்தன. அவற்றைக் ‘குடி நீக்கிய தேவதானம்’ என்று தெளிவாகச் சொல்வார்கள். உழுகுடிகள் தங்கள் உரிமையோடு இருக்கும்படி விட்டது ‘குடி நீங்காத் தேவதானம்’. மொழிபெயர்ப்பில் இரண்டுமே நிலக்கொடை என்று நின்றுவிடுகின்றன. எது என்று அறிய ஒரு வழி உண்டு: பதிவு நிலத்தின் அளவோடு முடிகிறதா, அல்லது இறை கட்டி நெல்லில் முடிகிறதா என்று பாருங்கள். நெல்லில் முடிந்தால் கைமாறியது பெரும்பாலும் வரிதான்.

அந்த நெல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்டும் கல்வெட்டும் அதே சுவர்களில் இருக்கிறது. இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. தளி என்றால் கோயில்; அதில் ஆடும் பெண்டுகள் குடியிருக்கும் தெரு தளிச்சேரி. சோழநாட்டின் பல தளிச்சேரிகளிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் கொடுத்த செய்தி. பங்கு என்றால் என்ன என்பதை அதுவே விளக்குகிறது: நிலம் ஒரு வேலி, அதற்கு ஆடவல்லான் மரக்காலால் நெல் நூறு கலம். ஆனைமங்கலத்தின் 92 கலத்தோடு வைத்துப் பார்த்தால் இந்த நூறு எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. வேலிக்குக் கிடைக்கக்கூடிய இறையை ஒட்டிய ஒரு முழு எண்.

நூறு கலம் என்றால் 1,200 மரக்கால். 360 நாளைக்குப் பிரித்தால் நாளுக்கு மூன்றே கால் மரக்காலுக்குச் சற்று மேல். இதே கோயிலில் திருப்பதியம் பாட வைத்த 48 பிடாரருக்கும், அவர்களோடு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசித்த இருவருக்கும் நாள் ஒன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் என்று இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. முக்குறுணியை 360ஆல் பெருக்கினால் 1,080 குறுணி, 90 கலம். நிலத்தில் பங்காகச் சொன்னாலும், அன்றாடப் படியாகச் சொன்னாலும், பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் கிட்டத்தட்ட ஒரே நெல். இந்த இரண்டு கணக்கும் பொருந்திய இரவில் நான் வெகுநேரம் தூங்கவில்லை. கிலோவாக்காமல், ஏக்கராக்காமல், கல்வெட்டின் சொந்த அலகிலேயே நின்றதால் கிடைத்த பொருத்தம் அது.

நட்டுவம் செய்வோர்க்கு இரண்டு பங்கு. பிறருக்கு அவரவர் பணிக்கேற்ப வெவ்வேறு பங்கு. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த முறைகாரர் அந்தக் காணியைப் பெற்றுப் பணி செய்யவேண்டும்; தாம் தகுதி இல்லாதவரானால் தகுதி உள்ள ஒருவரைப் பணியில் அமர்த்தவேண்டும் என்பது விதி. மறுபடி அதே சொல், காணி. ஊரில் உழுவித்தவரிடம் இருந்ததும் காணி, கோயிலில் ஆடியவரிடம் இருந்ததும் காணி. அங்கே அது கொடுக்கும் கடமையோடு வந்தது. இங்கே பெறும் உரிமையோடும் செய்யும் பணியோடும் வருகிறது.

போன வாரம் தம்பியும் நானும் பெரிய கோயிலுக்குச் சேர்ந்து போயிருந்தோம். மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்துகள் கல்லிலிருந்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. கையில் மூலப் பிரதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு கற்கள் சேரும் இடத்தில் ஒரு சொல் பாதியில் நின்று அடுத்த கல்லில் தொடர்ந்தது. தளிச்சேரிப் பட்டியலை அவருக்குப் பிரதியிலிருந்து வாசித்தேன். எந்தத் தெரு, எந்தச் சிறகு, அதாவது தெருவின் எந்தப் பக்க வரிசை, எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் எழுதியிருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: நக்கன் சேரமங்கைக்குப் பங்கு ஒன்று. தம்பி விரலால் காற்றில் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்: “அப்படியானால் எங்கோ ஓர் ஊரின் ஒரு வேலி இந்த வீட்டுக்கு அளந்தது, அண்ணா.”

பிறகு அடுத்த வீட்டின் பெயரைப் படிக்கச் சொன்னார்.